எந்த யூனிட்டுக்கு அதிக நேரம், சார்?

வெள்ளிக்கிழமை மத்தியானம், செஞ்சியில் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம். தமிழினியின் மின்னஞ்சல் வந்திருந்தது.

"மதிப்பிற்குரிய எழிலரசன் சார், வணக்கம். நான் ஞாயிறு வகுப்பில் படிக்கும் தமிழினி. வல்லத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிக எழுத்தராக இருக்கிறேன். அடக்கவிலைக் கணக்கியலில் ஏற்கெனவே இரண்டு தடவை ஃபெயில். இந்தத் தடவை பாஸ் பண்ணினால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரம். அந்த இடத்துக்கு அடுத்த தேர்வு வரை காத்திருக்க மாட்டார்கள். உர சீசன் என்பதால் லீவும் கிடையாது, சாயந்திரம்தான் படிக்க முடியும். எந்த யூனிட்டுக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் சார்."

அடக்கமான, நியாயமான கேள்வி. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. அந்தத் தாளுக்குக் கேள்வி எடுத்துக் கொடுத்தவனே நான்தான். பல்கலைக்கழகம் பலரிடம் வாங்கி அதில் ஒன்றை அச்சுக்கு அனுப்பும். என்னுடையதுதான் வரும் என்று யாருக்கும் தெரியாது. வராது என்றும் சொல்ல முடியாது. வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் மனைவி கவிதாவுக்குக்கூடத் தெரியாது.

எதிர் நாற்காலியில் இருந்த பாண்டுரங்கன் என் முகத்தைப் பார்த்துவிட்டார். அவர் வரலாறு எடுப்பவர், அடுத்தவர் டென்ஷனில் குளிர் காய்பவர்.

"இன்னா சார், மூஞ்சி இப்புடி இருக்குது?"

"ஒரு பொண்ணு, எது இம்பார்ட்டன்ட்னு கேட்டு மெயில் போட்டிருக்குது."

"எதையாச்சும் ரெண்டு யூனிட்டைச் சொல்லி அனுப்புங்க. பதில் போடாம மட்டும் வுட்றாதீங்க. போன தடவ துரைக்கண்ணு சார் கம்முனு இருந்தாரு. பேப்பர் எடுத்தவரே அவருதான்னு பசங்க கிளப்பி வுட்டுட்டானுங்க. அப்புறம் அவரு கிளாஸ்ல அழுத்திச் சொன்னதெல்லாம் குரூப்புல சுத்துச்சு."

நல்லாச் சொன்னார் போங்கள். பதில் போட்டால் கசிவு, போடாவிட்டால் காட்டிக்கொடுப்பு. வேண்டுமென்றே வேறு எதையாவது சொன்னால் அந்தப் பெண்ணின் வேலைக்கு நானே உலை வைத்தவனாவேன். எழுந்து ஜன்னலோரம் போனேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். ராஜகிரி மலை வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது.

கடைசியில் எல்லோருக்கும் தெரிந்ததையே எழுதினேன். மாதிரித் தாளில் அச்சாகி இருப்பதுதான்: ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு, ஐந்து மதிப்பெண்ணுக்கு இது அல்லது அது என்று ஒன்று, பத்து மதிப்பெண்ணுக்கு ஒன்று. பத்து மதிப்பெண் கேள்வி ஐந்தில் மூன்று எழுதினால் போதும். "ஆகவே மூன்று யூனிட்டை முழுதாகப் படியுங்கள். மற்ற இரண்டில் சின்னக் கணக்குகள் மட்டும் பாருங்கள். எந்த மூன்று என்பதைப் போன தடவை உங்களுக்கு நன்றாக வந்ததைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்." ஒரு சொல்கூடத் தப்பில்லை. அனுப்பிவிட்டு அப்பாடா என்று சாய்ந்தேன்.

அந்த அப்பாடா நிலைக்கவில்லை. உடனே பதில் வந்துவிட்டது.

"ரொம்ப நன்றி சார். அடக்கவிலைப் பட்டியல், பொருள், கூலி மூன்றையும் முழுதாக எடுத்துக்கொள்கிறேன். மேற்செலவும் செயல்முறையும் சின்னதோடு விட்டுவிடுகிறேன். சரிதானே சார்?"

மேற்செலவை விடுகிறாளாம். பத்து மதிப்பெண் கணக்குகளில் இருப்பதிலேயே லேசானதை அதில்தான் நான் போட்டிருந்தேன். கரன்ட் பில்லையும் வாடகையையும் பிரிவுகளுக்குப் பகிர்ந்து எழுதும் கணக்கு. சங்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் மளமளவென்று எழுதிவிடுவாள். கூலியில் போட்டதோ, நல்லாப் படிப்பவனே திணறுகிற கணக்கு.

"மேற்செலவையும்" என்று டைப் செய்தேன். விரல் அங்கேயே நின்றது. அழித்தேன். வெறுமனே "இன்னொரு தடவை யோசியுங்கள்" என்று எழுதினேன். அதுவும் கை காட்டுவதுதானே, அழித்தேன்.

"ஐயே, இன்னுமா அந்த மெயிலு?" என்றார் பாண்டுரங்கன்.

"கம்முனு இருங்க சார்."

குரல் ஏறிவிட்டது. அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். தமிழினி முந்தின வாரம் வகுப்பில் கடைசி பெஞ்சில் சங்கத்துப் பையோடு உட்கார்ந்து தூக்கத்தோடு மல்லுக்கட்டியது ஞாபகம் வந்தது. பத்து மதிப்பெண் அவளுக்கு ஒரு வேலை. எனக்கு ஒரு கையெழுத்து. என்னுடைய தாளே அச்சுக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கேள்வி எடுத்தவன் எவனும் வேண்டாத வேண்டுதல்.

"உங்களுக்கு வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக எழுதுங்கள்" என்று அனுப்பினேன்.

"எல்லா சாருக்கும் எழுதினேன் சார். நீங்கள் ஒருவர்தான் ஒளிக்காமல் சொன்னீர்கள்" என்று வந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.