போர்டில் ஒட்டிய பட்டியல்

தெருச் சண்டையில் ஏழு மாதம் மூடிக்கிடந்த பள்ளி திறந்தபோது, பெஞ்சுகளில் பாதிக்குக் கால் இல்லை. கல்லெறிந்தவர்கள் அவற்றைச் சாலையில் அடுக்கித் தடுப்பு கட்டியிருந்தார்கள். மேல்மாடிச் சுவரில் கரி. ஆய்வகக் கதவில் கோடரி வெட்டு மூன்று. இதையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் செய்த முதல் காரியம், 'மீட்சிப் பெருந்திட்டம்' என்று நாற்பத்திரண்டு பக்கம் எழுதியது. அதில் முப்பது பக்கம் முன்னுரை.

"சார், முதல்ல எந்தப் பிள்ளை எங்க நிக்குதுன்னு பாக்கணும்" என்றாள் கணக்கு டீச்சர்.

"ஏழாங்கிளாஸ் பிள்ளை ஏழாங்கிளாஸ்லதான் நிக்கும்."

"பெஞ்சுல நிக்கும் சார். படிப்புல எங்க நிக்குதுன்னு கேக்குறேன்."

ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பரீட்சை வைத்தால் போதாதா என்றார் அவர். படிக்கத் தெரியாத பிள்ளை கேள்வித்தாளையே படிக்காது, வெறும் தாளிலிருந்து என்ன தெரியும் என்றாள் இவள். கடைசியில், 'உங்க இஷ்டம், ஆனா திட்டம் என்னுது' என்று ஒத்துக்கொண்டார்.

ஆய்வகத்தின் மூலையில் ஒரு மேசை. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை. எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி, ஒரு பக்கக் கதை. எதுவரை தடுமாறாமல் படிக்கிறதோ அதுதான் நிலை. பிறகு எண்கள், கடன் வாங்கிக் கழித்தல் இரண்டு. வகுப்பு பார்க்காமல் நிலை பார்த்து மூன்று குழு, காலையில் இரண்டு மணி நேரம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்துக் குழு மாற்றுவது. அறுபத்து நாலு பிள்ளைகளுக்கு மூன்று நாள் ஆனது.

ஏழாம் வகுப்பில் வாயாடி என்று ஒரு பெண். பேச்சில் யாரையும் விற்றுவிடுவாள். சொற்களைக் கடகடவென்று படித்தாள். பத்தியில் இரண்டாவது வரியோடு நின்றுபோனாள்.

"கண்ணுக்குள்ள எறும்பு ஓடுது டீச்சர்."

"ஓடட்டும். புடிச்சிரலாம்" என்று சொல்லி, டீச்சர் 'சொல்' என்று குறித்தாள்.

இங்கேதான் தலைமையாசிரியரின் இருபது வருட வழக்கம் கைகொடுத்தது. பரீட்சை என்றால் ரேங்க் பட்டியல். பட்டியல் என்றால் வாசல் போர்டு. டீச்சர் சாப்பிடப் போன நேரத்தில் அவளுடைய தாளை நகலெடுத்து, பெயரும் வகுப்பும் நிலையுமாக, 'எழுத்து', 'சொல்' என்று வந்த இடத்திலெல்லாம் சிவப்புக் கோடு போட்டு, கண்ணாடிக்குள் ஒட்டிப் பூட்டிவிட்டார்.

சாயங்காலம் ஊரே அதைப் படித்தது. அன்று பல வீடுகளில் பெல்ட் இறங்கியது. மறுநாள் பதினோரு பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களில் ஒருவனுக்குக் காது வீங்கியிருந்தது. வாசலில் ரெண்டு அப்பாக்கள், எவன் பிள்ளை மக்கு என்பதை ஹெல்மெட்டால் முடிவுசெய்துகொண்டிருந்தார்கள்.

வாயாடியின் அப்பா வெல்டர். பள்ளி பெஞ்சுகளுக்குக் கால் வைக்கும் வேலையே அவருக்குத்தான். காலையில் வந்தவர் வேலையைத் தொடவில்லை. நேரே அறைக்குள் போய்த் தலைமையாசிரியரின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார்.

"மூணாங்கிளாஸ் பொடுசோட எம் பொண்ணையும் சேத்து ஊரைக் கூட்டிக் காட்டுறியா?"

கன்னத்தில் ஓர் அறை. தலைமையாசிரியரின் கட்டுப்பல் வெளியே வந்து முன்னுரையின் மேல் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, பிழை டீச்சருடையது, இன்றைக்கே மறுபடி பார்க்கப்படும் என்று அறிவித்தார்.

மறுபடி பார்த்தாள். வாயாடியின் இடது கண் மூடிக்கிடந்தது. முழங்கையில் வெல்டிங் வயரின் தடம் கறுப்பாக, வரிவரியாக. கதைத் தாளை நீட்டியதும் ஒரு பிசிறில்லாமல் சொன்னாள்: ஆட்டுக்குட்டி தொலைந்தது, தேடினார்கள், கிணற்றடியில் கிடைத்தது.

நீட்டிய தாளில் ஆட்டுக்குட்டியே இல்லை. அது முதல் தடவை வைத்த கதை; டீச்சர் இப்போது தந்தது இரண்டாவது தாள். அது பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவனின் கதை.

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"போன தடவை கதைத் தாளைப் படிச்ச அக்காகிட்ட கேட்டு ராவெல்லாம் உருப்போட்டேன். கதைன்னு எழுதுங்க டீச்சர். இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு."

டீச்சர் எழுதினாள். வாயாடிக்கு மட்டும் எழுதினால் மற்ற பிள்ளைகளின் கண் என்ன ஆவது? அறுபத்து நாலு பேருக்கும் 'கதை'. உண்மைத் தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

புதுப் பட்டியல் போர்டில் ஏறியது. அப்பாக்கள் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள். வெல்டர் பெஞ்சுக்குக் கால் வைக்க உட்கார்ந்தார். தலைமையாசிரியர் பிள்ளைகளை முற்றத்தில், வாசல் போர்டை ஒட்டி வரிசையாக நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அறுபத்து நாலும் தேறிடுச்சு. இனி காலைல குழு வச்சு மீட்பு வகுப்பு எதுக்கு? தேவையில்லன்னு மேல எழுதிட்டேன்."

"சார், இது பொய்ப் பட்டியல்" என்றாள் டீச்சர், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"போர்டுல ஏறினா அதுதான் உண்மை டீச்சர்."

கைப்பையின் மேல் டீச்சரின் கை இருந்தது. திறந்தால் வகுப்பு பிழைக்கும்; பத்தடி தள்ளி வெல்டரும் இருந்தார். திறக்கவில்லை.

"நான் படிக்கல சார்." வாயாடி வரிசையிலிருந்து வெளியே வந்திருந்தாள். "மனப்பாடம் பண்ணேன். ரெண்டாவது வரிக்கு மேல எனக்கு வராது. கிளாஸ நிறுத்தினா எப்பவும் வராது."

வெல்டர் முகமூடியைத் தூக்கினார். கையில் பெஞ்சுக்கு வெட்டிய இரும்புக் குழாய். இரண்டு எட்டில் வந்துவிட்டார். குழாய் இறங்கியபோது நடுவில் டீச்சரின் கை இருந்தது. எலும்பு ஒடிந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. இரண்டாவது வீச்சு குறி தவறிப் போர்டில் விழுந்தது. கண்ணாடி சிதறி, அறுபத்து நாலு 'கதை'யும் தரையில் கிடந்தது. அதற்குள் நாலு பேர் அவரைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துவிட்டார்கள்.

தலைமையாசிரியர் மேலிடத்துக்கு, 'ஆசிரியை படியில் தவறி விழுந்தார்' என்று எழுதினார். டீச்சர் காவல் நிலையத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டு வேறு மாதிரி எழுதிக்கொடுத்தாள். அதோடு உண்மைத் தாள்களின் நகலை மேலிடத்துக்கும் அனுப்பினாள். வெல்டர் உள்ளே போனார். வாயாடி பக்கத்துத் தெருவில் சித்தி வீட்டுக்குப் போனாள். பெஞ்சுகள் மூன்று காலில் நின்றதில் தலைமையாசிரியருக்கு மிகுந்த மன வருத்தம்.

திட்டத்தில் வகுப்பு மறுபடி முளைத்தது. மூன்று குழுவுக்கும் பெயர் இல்லை; மாடி, ஆய்வகம், முற்றம் என்று இடம் மட்டும். போர்டின் சட்டம் காலியாகத் தொங்கியது.

முதல் நாள் காலை, ஆய்வகத்தில், மாவுக்கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டு டீச்சர் நோட்டை வாயாடி பக்கம் தள்ளினாள்.

"எனக்குக் கை வராது. நீ எழுது."

"எல்லார் நிலையுமா?"

"உன்னுது மட்டும். இந்த நோட்டு என் பையை விட்டு வெளிய வராது."

வாயாடி பேனாவை எடுத்தாள். ஒரு கண்ணில் இன்னும் வீக்கம். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. தன் பெயருக்கு நேரே 'சொல்' என்று எழுதி, அடியில் தானே தேதி போட்டாள்.

"சரி, பத்தியை எடு. ரெண்டாவது வரி."