தெராமான் வீட்டின் உயரம்

தெராமானின் வீடு மற்ற வீடுகளைப் போலத் தரையில்தான் நின்றுகொண்டிருந்தது. அவருடைய மனைவி இறந்த வாரத்தில் அது மேலே போகத் தொடங்கியது. எங்கள் மலாய்க் கிராமமான கம்போங் பாடாங் சிரேயில் வீடுகளின் மரத்தூண்களை மண்ணில் புதைப்பதில்லை, தட்டைக் கற்களின்மேல் உட்கார வைத்திருப்பார்கள். அந்தக் கற்களுக்கும் தூண்களுக்கும் நடுவே ஒரு கோழி குனியாமல் நடந்துபோகும் அளவுக்கு இடைவெளி விழுந்திருப்பதைக் கோழிகள்தாம் முதலில் கண்டுபிடித்தன. மனிதர்கள் இரண்டு நாள் கழித்துக் கண்டார்கள். யாரும் பதறவில்லை. அந்த வருஷம் ரப்பர் விலை சரிந்தது, கால்வாயில் கெளுத்தி குறைந்தது, தெராமான் வீடு ஒரு முழம் ஏறியது; காப்பிக் கடையில் மூன்றையும் ஒரே மூச்சில் பேசிவிட்டு எழுந்து போனார்கள்.

காரணமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். துக்கத்துக்கு வந்த எம்புன் அக்கா மீன் குழம்புச் சட்டியை நீட்டி, தனியாகச் சமாளிப்பாயா என்று கேட்டபோது, தெராமான் "தாக் அபா" என்றார். பரவாயில்லை என்று பொருள். அவர் வாய் மூடுவதற்குள் வீடு ஒரு சாண் எழும்பியது, குழம்பு எம்புன் அக்காவின் கைலியில் சிந்தியது. அதற்கு அவள் "தாக் அபா" என்றாள். ஆனால் அவள் நிஜமாகவே பரவாயில்லை என்று நினைத்ததால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் எத்தனையோ வேலை உண்டு. காலை மிதித்தவனுக்கும் அதுதான் பதில், காப்பி குடிக்கிறாயா என்று முதல் தடவை கேட்பவருக்கும் அதுதான். இரண்டாம் தடவையும் அதையே சொல்ல வேண்டும், மூன்றாம் தடவைதான் குடிக்க வேண்டும். முதல் தடவையே குடிப்பவனை வளர்ப்பு சரியில்லை என்பார்கள். பேருந்து வராவிட்டால் தாக் அபா, கூரை ஒழுகினால் நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கும் தாக் அபா. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் முகம் கெடாமல் காரியம் முடிந்துவிடும். காரியம் முடியாவிட்டாலும் முகமாவது கெடாது.

தெராமானுடைய சங்கடம் என்னவென்றால், அவர் அதை ஒருபோதும் மூன்றாம் தடவையில் நிறுத்தியதில்லை. பக்கத்து வீட்டு ஓஸ்மான் புல்வெட்டும் இயந்திரத்தை இரவல் வாங்கித் திருப்பித் தரவேயில்லை. தாக் அபா, ஒரு சாண். ஓஸ்மானின் மாடு அவருடைய வாழைத்தோட்டத்தைத் தின்றது. தாக் அபா, ஒன்றரைச் சாண், ஏனென்றால் அது நல்ல ஜாதி வாழை. பெருநாள் அன்று எல்லாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிட மறந்து, மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டபோது சொன்ன தாக் அபாவில் வீடு மாமரத்தின் தலையைத் தாண்டிப் போனது. வீடு ஏற ஏறப் படிக்கட்டு போதாமல் போகும். அப்போதெல்லாம் ஊர்க்காரர்கள் கோத்தோங் ரோயோங் போட்டு, அதாவது ஆளாளுக்கு ஒரு கை கொடுத்து, கீழே படிகளைச் சேர்த்துவிடுவார்கள். அதற்கு மட்டும் அவர் அனுமதி தேவைப்படவில்லை. கடைசிப் படி நிற்பது ஊர் மண்ணில், அதனால் அது ஊர்ப் படி என்று ஊர்த்தலைவர் ஹாஜி ரிப்பின் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

இப்படியே போயிருக்கும், மகள் சல்பியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகாமல் இருந்திருந்தால். பாலர் பள்ளியில் பாடம் சொல்லித்தருபவள், அப்பாவைப் போல் இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்பவள். மாப்பிள்ளை பாட்லிக்கு ஊர் பெர்லிஸ் பக்கம். அவனுடைய தாயார் வீட்டைப் பார்க்க வந்து, அண்ணாந்து பார்த்து, படிக்கட்டைப் பார்த்து, தன் முழங்காலையும் பார்த்துவிட்டு, ஒருவழியாக ஏறி வந்து, மிக இனிமையாகச் சிரித்தார். தாக் அபா, பட்டணத்தில் எங்களுக்குத் தெரிந்த மண்டபம் இருக்கிறது, எல்லாம் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். தெராமானும் தாக் அபா என்றார். வீடு எவ்வளவு வேகமாக எழும்பியது என்றால், சம்பந்தியம்மாள் இறங்குவதற்கு ஏணி கட்ட வேண்டியதாயிற்று. சல்பியா அன்று அழுதாள். அவளுடைய தாய் அந்த முன்னறையில்தான் மணப்பெண்ணாக உட்கார்ந்தாள், அந்த முன்னறையில்தான் இறந்தும் போனாள். மகளுக்கு வேறெங்கும் உட்கார மனமில்லை. அறுப்பு முடிந்த வாரம் கல்யாணம். அதற்குள் வீடு இறங்க வேண்டும், இல்லையென்றால் மண்டபம்.

ஊரில் பொது வேலைக்கு ஒரு முறை உண்டு. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் தலைவர் சொல்வார், ஞாயிறு காலை ஆளுக்கொரு கருவியோடு வருவார்கள். கூலி கிடையாது. வர முடியாதவர்கள் தேங்காயோ சர்க்கரையோ அனுப்புவார்கள். வராமலும் அனுப்பாமலும் இருப்பவரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவர் வீட்டு விருந்துக்கு வெங்காயம் நறுக்க ஆள் வராதபோது அவரே புரிந்துகொள்வார். ஆனால் தனி ஒருவர் வீட்டு வேலை என்றால் வீட்டுக்காரர் தலையாட்ட வேண்டும். ஹாஜி ரிப்பின் மூச்சு வாங்கப் படியேறிப் போய்க் கேட்டார். எதற்கு உங்களுக்கெல்லாம் வீண் சிரமம், தாக் அபா என்றார் தெராமான். தலைவர் இறங்கும்போது படி போதவில்லை. மரியாதைக்கு இன்னும் இரண்டு தடவை போய்க் கேட்டார், வீடு இன்னும் இரண்டு தடவை ஏறியது. மூன்றாம் தடவை அவரைக் கயிற்றில் கட்டித்தான் இறக்கினார்கள்.

"தோக், நீங்க கேக்கக் கேக்கத்தான் அது ஏறுது," என்று தாத்தா முறை வைத்துத் தலைவரிடம் சொன்னாள் சல்பியா. "கேக்காதீங்க. வந்துடுங்க."

கேட்காமல் வருவதா என்று தலைவர் தயங்கினார். பிறகு, வாசலில் நின்ற ஆளை வேலை செய்யாதே என்று விரட்டுகிற அளவுக்குத் தெராமானுக்குத் துணிச்சல் இல்லை என்பது நினைவுக்கு வந்து ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு காலை ஊரே கயிற்றோடு வந்தது. பெண்கள் மாமரத்தடியில் அடுப்பு மூட்டி, பெரிய கொப்பரையில் மாட்டிறைச்சிக் குழம்பை ஏற்றினார்கள். வேலை செய்ய வந்தவர்கள் உண்டு, வேலை சொல்ல வந்தவர்கள் உண்டு, சோறு வெந்த வாசனைக்குச் சரியாக வரத் தெரிந்த ஜம்ரி என்பவரும் வழக்கம்போல உண்டு. இளவட்டங்கள் தென்னைமேல் ஏறித் தூண்களில் கயிற்றை மாட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்தார்கள். வீடு அசையவில்லை, மாறாக இழுத்தவர்கள்தான் மேலே போனார்கள். ஏனென்றால் கயிறு உள்ளங்கையை அறுத்தபோது பக்கத்தில் நின்றவன் வலிக்கிறதா என்று கேட்க, இவன் தாக் அபா என்றான். குடிக்க ஏதாவது தரட்டுமா என்று கேட்ட பெண்ணுக்கு அவன் அதையே சொன்னான். வீட்டைத் தொட்ட கயிறு அல்லவா, சொல் கயிற்றில் ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஊரின் ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் காயப்போட்ட கருவாட்டைப் போலக் கயிற்றில் தொங்கினார்கள், வலிக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் உறுதி சொல்லிக்கொண்டே இன்னும் மேலே போனார்கள்.

ஹாஜி ரிப்பினும் கயிற்றைப் பிடித்தவர்தான், ஒரு தென்னைக்குப் பக்கவாட்டில் மிதந்தபடியே உத்தரவு போட்டார். வீடு தரைக்கு வரும் வரை இந்த ஊரில் எவரும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது, கேட்டால் கேட்டதற்கு நேரான பதில்.

அதற்கப்புறம் நடந்ததை இன்றும் ஊரில் சத்தமாகப் பேசுவதில்லை. வலிக்கிறது என்று ஒருவன் சொன்னான், இரண்டடி இறங்கினான். ஒருவர் இறைச்சிக் குழம்பில் உப்பு அதிகம் என்றார். எம்புன் அக்கா, உன் கல்யாணத்திலும் அதே உப்புதான் போட்டேன், அன்றைக்கு ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டாள். ஒருவர் மைத்துனரிடம், நீ பாடும்போது நான் எழுந்து போவது தொழுகைக்காக அல்ல என்று சொல்லிவிட்டார். ஜம்ரி, தான் எப்போதும் சோற்றுக்காகத்தான் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, எல்லாரையும்விட முதலில் தரையைத் தொட்டார். ஓஸ்மான் கயிற்றில் தொங்கியபடியே சன்னலைப் பார்த்துக் கத்தினான்.

"பாக் தெராமான், புல்வெட்டுற மிஷின நான் வித்துட்டேன்."

சன்னலில் தெராமானின் முகம் தெரிந்தது. அவருடைய உதடு அந்தச் சொல்லுக்கு வளைந்ததைக் கீழிருந்தே பார்க்க முடிந்தது.

"அது எனக்கு வேணும் ஓஸ்மான்," என்றார் தெராமான். "வாழையும் எனக்குப் பிடிக்கும்."

வீடு மாமர உயரத்துக்கு வந்தது. எம்புன் அக்கா அகப்பையோடு முன்னால் வந்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சட்டி நீட்டிய அன்று கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

"தெராமான், தனியா சமாளிப்பியா?"

"முடியல அக்கா," என்றார் அவர். "அவ போனதிலேர்ந்து முடியல. கை கொடுங்க."

வீடு இறங்கியது. யாரும் இழுக்கவில்லை, அதுவாகவே வந்து கற்களின்மேல் உட்கார்ந்தது. கொப்பரையில் குழம்பு கூடத் தளும்பவில்லை. பெண்களில் பலர் வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகுதான் கவனித்தார்கள், வீடு பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது. வாசல் ஓஸ்மானின் மாட்டுக்கொட்டகையைப் பார்த்தது. ஊர் முழுக்க அந்தச் சொல் தொண்டைவரை வந்து நின்றது. மாப்பிள்ளை ஊர்வலம் மேளத்தோடு கொட்டகை வழியாக வந்தால்தான் என்ன என்று ஒருவர் மெல்ல ஆரம்பித்தார். தெராமான் இறங்கி வந்து சுற்றிப் பார்த்தார். இது சரியில்லை, திருப்பித்தான் வைக்க வேண்டும் என்றார். அவர் வாழ்நாளில் யாரிடமாவது கேட்ட முதல் வேலை அதுதான்.

மூங்கில் வெட்டி வந்தார்கள். தூண்களோடு குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டினார்கள், பாத்திரம் பண்டங்களை வெளியே எடுத்து வைத்தார்கள், ஒவ்வொரு மூங்கிலுக்கும் தோள் பொருத்தமாக உயரம் பார்த்து ஆளை நிறுத்தினார்கள். தலைவர் எண்ணினார். வீடு ஒருசேர எழுந்து, நடந்து, திரும்பி, வயலைப் பார்த்து உட்கார்ந்தது. ஜம்ரி கூட ஒரு மூங்கிலைத் தாங்கினார். சோறு அதற்குப் பிறகுதான்.

கல்யாணம் அந்த முன்னறையில் நடந்தது. சம்பந்தியம்மாள் மூன்றே படி ஏறி, முதல் தடவை கேட்டதுமே காப்பி குடித்தார். மறுநாள் சல்பியா பெர்லிசுக்குப் புறப்பட்டாள். வண்டியில் ஏறப் போனவள் திரும்பி வந்து, நான் போகட்டுமா அப்பா என்று கேட்டாள். ஊருக்கே நேர்ப்பதில் பழகியிருந்தது. ஆனாலும் பெண்ணைப் பெற்றவனுக்கென்று ஒரு பொய் உண்டு, அதை யாரால் தடுக்க முடியும்? தெராமான் அவள் தலையில் கை வைத்து, தாக் அபா, போய் வா என்றார். அவருக்குப் பின்னால் வீடு கற்களைவிட்டு எழும்பியது, ஒரு சாண், இரண்டு சாண், மாமரத்தைத் தாண்டி, தென்னையையும் தாண்டிப் போனது. சல்பியா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். தன்னை அவர் எவ்வளவு தேடுவார் என்று அவளுக்குச் சாண் கணக்காகவே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள். வீடு கொஞ்சம் இறங்கியது.

இப்போது அது எங்கள் ஊர் வழக்கம். காலையில் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பவர்கள் அப்படியே தெராமான் வீட்டையும் பார்த்துக்கொள்வார்கள். அது தாழ்ந்திருந்தால் அவரவர் வயலுக்குப் போவார்கள். ஏறியிருந்தால் ஓஸ்மான் கயிற்றை எடுத்துக்கொண்டு வருவான், எம்புன் அக்கா சட்டியோடு வருவாள், ஜம்ரியும் வந்துவிடுவார். யாரும் அவரை ஒன்றும் கேட்பதில்லை.