பெட்ரோல் கணக்கில் போன அரிசி

கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட் வந்ததாகக் கைப்பேசி சத்தம் போட்டபோது கமருன்னிஸா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு வருஷத் தவம் இன்றைக்குப் பலிக்க வேண்டும்.

கும்பகோணத்தில் அவளோடு கடைக்குப் போகத் தெருவே பயப்படும். யார் எதை வாங்கினாலும் கல்லாவுக்கு முன்னால் முந்திக்கொண்டு நிற்பாள். "பணத்த எங்கிட்ட குடுங்க, நான் கார்டுல தேய்ச்சுக்கறேன்." வாங்கிய பணத்தில் ஒரு பைசா தொடமாட்டாள்; கெடு தேதிக்கு முன்பே கட்டிவிடுவாள். செலவுக்கு வங்கி தரும் பாயிண்ட் மட்டும் அவளுக்கு.

எல்லாம் ஷார்ஜாவில் நிறைமாதமாக இருக்கும் மகள் ஷமாவுக்காக. மருமகன் டிக்கெட் போடத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் இரண்டு வருஷம் முன்பு போனபோது அவர் அக்கா, "எங்க தம்பி காசுலதானே வந்தீங்க?" என்று கேட்டுவிட்டாள். அந்தச் சொல் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இந்த முறை சொந்த டிக்கெட்டில்தான் இறங்குவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

டிக்கெட்டுக்கு இருபத்துநாலாயிரம் பாயிண்ட் வேண்டும். கையில் பதினெட்டாயிரம் இருந்தது. அதிலும் ஆறாயிரம் பழையவை. இந்த மாதக் கடைசியோடு காலாவதி. மிச்சத்துக்கு அதே தெரு மீரா உசேன் வீட்டுக் கல்யாண மளிகைதான் நம்பிக்கை. எழுபத்தையாயிரம் ரூபாய்க்கு அரிசி, நெய், எண்ணெய். சாதாரணச் செலவுக்கு நூறு ரூபாய்க்கு இரண்டு பாயிண்ட், மளிகைக்குப் பத்து என்று வங்கி சொல்லியிருந்தது. ஏழாயிரத்து ஐந்நூறு வர வேண்டும்.

ஸ்டேட்மெண்டில் அந்தச் செலவுக்கு நேரே சைபர் இருந்தது.

"ஏங்க! இங்க வாங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் கணவர் முகம்மது யூசுப் ஷேவிங் நுரையோடு ஓடிவந்தார். வங்கி எண்ணுக்கு அடித்தாள். அந்தப் பக்கம் பேசிய பெண் தேனாகத்தான் பேசினாள்.

"மேடம், அது பெட்ரோல் பங்க் மெஷின்ல தேய்ச்சது. பெட்ரோலுக்குப் பாயிண்ட் கிடையாது."

"பெட்ரோலா? நான் அரிசி வாங்கினேன்மா!"

"மெஷின் எந்தக் கடைப் பேர்ல பதிஞ்சிருக்கோ, அதுதான் எங்களுக்குக் கணக்கு மேடம். மளிகைக்கடை மெஷின்ல தேய்ச்சா மூணு நாள்ல ஏறிடும்."

அப்போதுதான் விளங்கியது. தாராசுரம் போகிற சாலையில் பஞ்சநதத்தின் பல்பொருள் அங்காடி; பக்கத்திலேயே அவருடைய பெட்ரோல் பங்க். அன்றைக்கு அங்காடி மெஷின் படுத்துவிட்டதென்று பையன் எங்கிருந்தோ ஒன்றைத் தூக்கிவந்தான். இவளும் சந்தோஷமாகக் கார்டை நீட்டினாள். தன் புத்தியைத் தானே நொந்துகொண்டாள்.

பாதி நுரையைத் துடைத்த யூசுப்போடு ஸ்கூட்டரில் பறந்தாள்.

"அந்த மெஷின்ல பணத்தத் திருப்பிப் போடுங்கண்ணே. கடை மெஷின்ல நான் மறுபடி தேய்க்கிறேன்" என்றாள்.

பஞ்சநதம் சிரித்தார். "முடிஞ்சுபோன வியாபாரம்மா. ஒங்க பாயிண்டுக்காக நான் ஏன் மெனக்கெடணும்?"

"விடு கமரு. திருப்பின பணம் வர லேட்டாச்சுன்னா கார்டுல கடன் ரெண்டு மடங்கா நிக்கும்" என்று யூசுப் காதைக் கடித்தார்.

அவள் விடவில்லை. கல்யாண பில்லை மேசையில் வைத்தாள். பக்கத்தில் ஸ்டேட்மெண்டைத் திறந்து கைப்பேசியை வைத்தாள்.

"இந்த பில்லு ஒங்க மளிகைக்கடையோடது. பணம் போனது பங்க் கணக்குக்கு. கடையில அரிசி குறைஞ்சிருக்கு, காசு வரல. பங்க்ல காசு இருக்கு, பெட்ரோல் குறையல. ஒங்க ஆடிட்டர் கேட்டா என்னண்ணே சொல்லுவீங்க?"

பஞ்சநதத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. பில்லைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார். "அன்னிக்கு இன்னும் எத்தன பேருக்குடா அந்த மெஷின்ல தேய்ச்ச?" என்று பையனைப் பார்த்துக் கத்தினார். அவன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான்.

முதல் ஆளாகக் கமருன்னிஸாவுக்குத்தான் பணம் திருப்பப்பட்டது. கார்டில் பாக்கி வரம்பு போதுமா என்று யூசுப் வாய்க்குள் துஆ ஓத, கடை மெஷின் ரசீதைத் துப்பியது. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் அவள் கைப்பேசியை அடுப்படியிலும் விடவில்லை. நான்காம் நாள் காலை பாயிண்ட் ஏறியது. பழைய ஆறாயிரம்தான் முதலில் கழிந்தது, ஒன்றுகூட வீணாகவில்லை. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு டிக்கெட் விழுந்ததும் மகளைக் கூப்பிட்டாள். "ஷமா, ஒங்கம்மா வர்றா. யார் காசுலயும் இல்ல" என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. அந்தப் பக்கம் மகளும் அழுதாள்.

செய்தி கேட்டு வந்த மீரா உசேன், "போறதுக்கு எங்க வீட்டுக் கல்யாணம் ஏத்திவிட்டுச்சு. திரும்பி வர்றதுக்கு என்னம்மா பண்ணுவ?" என்றார்.

கமருன்னிஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்க சின்ன மவனுக்கு எப்பண்ணே நிக்காஹ்?"