கதவைச் சாத்தாதே

என் அண்ணிக்கு ஒரே ஓர் ஆசைதான். அவள் மேடையில் பாடுவதை என் அண்ணன் ஒரு தடவையாவது நேரில் கேட்க வேண்டும். அவளுடைய பாட்டுக் குழுவுக்கு வெளியூரில் பத்து நாள் நிகழ்ச்சி வந்திருந்தது. போக அனுமதி கேட்டால், "பாட்டுதானே, பாப்போம்" என்று பேப்பரைப் புரட்டுவான். அவள் பாட்டை ஒரு தடவை காதால் கேட்டுவிட்டால் அப்படிச் சொல்ல வாய் வராது என்பது அவள் கணக்கு. ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் போனில் "இதோ வந்துட்டேன்" என்பான். வந்ததில்லை.

இந்த முறை குழு ஒரு பழைய நாட்டுப்பாட்டை எடுத்தது. சொற்களைப் புதுசாக்கும் வேலை, விளம்பர நோட்டீசுக்கு வாசகம் எழுதிப் பிழைக்கும் என் தலையில் விழுந்தது. அந்தப் பாட்டில் சந்தைக்குப் போன கணவன் வழியில் போகிறவர்களிடம் சேதி சொல்லி அனுப்புகிறான். வீட்டில் இருப்பவள் காத்திருக்கிறாள். கண்ணி தோறும் ஒரே பல்லவி:

இதோ வந்துட்டேன் இதோ வந்துட்டேன் கதவைச் சாத்தாதே.

என் முதல் பிரதியில் மாட்டு வண்டியை மோட்டார் சைக்கிளாக்கினேன், விளக்கை பல்பாக்கினேன். கடைசியில் கோபம் பொங்கி "பொய்க்காரா" என்றும் போட்டேன். சமையலறை மேடையில் தாளம் தட்டிப் பாடிப் பார்த்த அண்ணி முகம் சுளித்தாள்.

"மோட்டார் சைக்கிள் தாளத்துக்குள்ள நுழையவே மாட்டேங்குது. பல்பு சும்மா எரிஞ்சுகிட்டே கெடக்கு. பழைய பாட்டுல எண்ணெ கொறையுதுல்ல? அதுலதானே நேரம் ஓடுறது தெரியுது?"

"அப்போ இப்ப எது அண்ணி கொறையுது?"

அவள் என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். எனக்குச் சுரீரென்றது. 'எண்ணெயும் இங்கே தீர்ந்து போச்சே' என்ற இடத்தில் 'சார்ஜும் இங்கே தீர்ந்து போச்சே' என்று போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. வரி 'ஏ' என்று நீண்டு முடிவதும் கெடவில்லை. அந்த நீட்டலைப் பிடித்துத்தான் குழு பல்லவிக்குள் குதிக்க வேண்டும்.

"பொய்க்காரனை எடுத்துடு," என்றாள். "திட்டிட்டா பாட்டு செத்துப்போச்சு. அந்த ஆளு சொன்னதையே திருப்பிச் சொல்லு, போதும். ஊரே சிரிக்கும்."

பல்லவியில் மட்டும் கை வைக்கவில்லை. வைக்க என்ன இருக்கிறது? எந்தக் காலத்து ஆம்பிளையும் அதைத்தானே சொல்கிறான்! கண்ணிகளுக்குச் சரக்கு வெளியே தேடவில்லை. அண்ணன் போனில் அளந்ததையெல்லாம் அப்படியே கொட்டினேன்.

நிகழ்ச்சியன்று மண்டபம் நிறைந்திருந்தது. மறந்தால் வரி எடுத்துக் கொடுக்க, மேடை ஓரத்தில் ஒரு மைக் பக்கத்தில் நான். என் மடியில் அண்ணியின் போன். முன்வரிசையில் அண்ணனுடைய நாற்காலி காலி.

ஆபீசு விட்டுக் கெளம்பிட்டாராம் அரைமணி முன்னாலே
அடுப்பில் வெச்ச சோறும் இங்கே ஆறிப் போச்சே

பெண்கள் பக்கம் சிரிப்பு ஆரம்பித்தது.

சிக்னலிலே நிக்கிறாராம் சிரிப்புச் சத்தம் கேக்குதே
செல்லில் இருந்த சார்ஜும் இங்கே தீர்ந்து போச்சே

அந்த நீட்டலில் போன் அதிர்ந்தது. அண்ணன்தான். எனக்குள் இருந்த குட்டிச்சாத்தான் சும்மா இருக்குமா? ஸ்பீக்கரை அழுத்தி மைக்கில் வைத்தேன்.

"மண்டபத்துக்கு எதிர் சிக்னல்ல நிக்கிறேன். இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்! கதவைச் சாத்திடப் போறாங்க, சொல்லி வை!"

மண்டபமே இடிந்து விழுந்தது போல ஒரு சிரிப்பு. அது அடங்குவதற்குள் தலையில் ஹெல்மெட்டோடு அண்ணன் வாசலில் வந்து நின்றான். பாவம், வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை சொல்லியிருக்கிறான். அதற்குத்தான் இந்தச் சிரிப்பு. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அண்ணி அவனைப் பார்த்தாள். பிறகு நான் எழுதாத ஒரு கண்ணியைப் பாடினாள்:

பாட்டுப் பாடப் போறாளாம் பத்து நாளு வெளியூரே
பாயைப் போட்டுப் பாத்த கண்ணும் பூத்துப் போச்சே

கூட்டம் முழுக்கப் பல்லவியைப் பிடித்துக்கொண்டது. அண்ணனும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கைதட்டிக்கொண்டே பாடினான். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை. யார் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள், யார் வீட்டில் காத்திருக்கப் போகிறார்கள் என்பது அவனுக்கு இரண்டாவது சுற்றில்தான் உறைத்தது. கைதட்டல் நின்றது. வாய் மட்டும் தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்ததும் நேராக என்னிடம் வந்தான். திட்டுவான் என்று எழுந்து நின்றேன்.

"ஏய், குக்கர்ல சோத்துக்கு எத்தனை விசில் விடணும்?"