இருபத்தெட்டு நாள் எங்கிருந்து வந்தது?

ஆய்வுத் திட்டம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதன் தலையில் நான்கு பக்கச் சுருக்கம். அந்த நான்கு பக்கத்தை மட்டும் சீர்செய்து கொடுக்கும்படி காற்புள்ளியிடம் தள்ளியிருந்தார்கள். அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். ஒரு முறை, ஒரே ஒரு முறை, காற்புள்ளி எங்கே வரவேண்டும் என்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டார். அதற்குப் பிறகு சம்பளச் சீட்டில் மட்டும்தான் பழைய பெயர் மிச்சம்.

"மொழியை மட்டும் பாருங்க. உள்ளடக்கத்துல கை வைக்காதீங்க," என்று மேலாளர் சொல்லியிருந்தார். "அஞ்சு மணிக்குள்ள நெறிமுறைக் குழுவோட தளத்துல ஏத்தணும். இன்னைக்கு விட்டா அடுத்த கூட்டம் ரெண்டு மாசம் கழிச்சு."

சுருக்கத்தை எழுதியவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும், மூவரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். மூட்டு வீக்கத்துக்கு மாதம் ஒரு ஊசி. அதைப் போட்டுக்கொள்ள வருகிறவர்கள் முதல் பக்கத்தில் 'நோயாளிகள்', இரண்டாம் பக்கத்தில் 'தன்னார்வலர்கள்', மூன்றாம் பக்கத்தில் 'பங்கேற்பாளர்கள்'. நான்காம் பக்கத்தில் யாரோ கை ஓய்ந்துபோய் 'நபர்கள்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு வாக்கியத்தில் ரத்தம் எடுக்கப்படும், அடுத்ததில் எடுக்கப்படுகிறது, அதற்கடுத்ததில் எடுத்தே முடித்துவிட்டார்கள். இன்னும் ஒருவர்கூட ஆய்வில் சேரவில்லை என்பது வேறு விஷயம். செய்யவேண்டிய காரியத்தைச் சொல்லும் இடத்தில் 'நிறுத்தப்படலாம்' என்று இழுவை. ஊசி பலிக்குமா என்று யாருக்கும் தெரியாத இடத்திலோ 'வலியைக் குறைக்கும்' என்று அடித்துப் பேச்சு.

காற்புள்ளிக்குக் கை துறுதுறுவென்றது. எல்லோரையும் பங்கேற்பாளர் ஆக்கினார். நடக்கப்போவதையெல்லாம் எதிர்காலத்துக்கு நகர்த்தினார். 'வலியைக் குறைக்கும்' என்பதை 'குறைக்கிறதா என்று ஆராயப்படும்' என்று அடக்கினார். 'நிறுத்தப்படலாம்' இரண்டையும் 'நிறுத்தப்பட வேண்டும்' என்று நிமிர்த்தினார். 'ஊசி நிறுத்தம்', 'ஆய்விலிருந்து விலகல்' என்று இரண்டு சொல் எதற்கு, ஒன்று போதாதா என்று எல்லாவற்றையும் 'விலகல்' ஆக்கினார். பன்னிரண்டு மணிக்கு அனுப்பினார். ஒன்றரைக்கு ஆய்வின் தலைமை மருத்துவரின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. மேலாளர் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார். வாழ்க்கையில் கிடைக்கும் விருதுகள் எல்லாம் இப்படித்தான் சிறியவையாக இருக்கின்றன என்று காற்புள்ளி நினைத்துக்கொண்டார்.

வினை அங்கேதான் தொடங்கியது. வேலை முடிந்துவிட்டதால் யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது.

எதிர்காலத்துக்கு அவர் நகர்த்தியதில் ஒரு வாக்கியம் மட்டும் மனதில் நெருடிக்கொண்டே இருந்தது. 'கடைசி டோசுக்குப் பின் இருபத்தெட்டு நாள் கண்காணிக்கப்பட்டனர்.' அவர் அதைக் 'கண்காணிக்கப்படுவர்' ஆக்கியிருந்தார். மற்ற வாக்கியங்களில் கால்வாசிதான் குழப்பம்; இது தலை முதல் கால் வரை நடந்து முடிந்த கதை. இன்னொன்றும் இருந்தது. சுருக்கம் முழுக்க 'ஊசி', 'ஊசி' என்று இருக்க, இங்கே மட்டும் 'டோஸ்'. துவைத்து வந்த துணியில் அடுத்த வீட்டுக்காரர் சட்டை கலந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அளவு சரி, நிறம்கூடச் சரி, ஆனால் நம்முடையது இல்லை.

எழுந்து போய்ப் புள்ளியியலாளர் மேசை அருகே நின்றார். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் சராசரி. உயரம், எடை, கோபம் எல்லாமே நடுவாந்தரம்.

"சராசரி, ஒரு சந்தேகம்."

"காற்புள்ளி பத்தின்னா நான் வீட்டுக்குப் போறேன்."

"இல்ல ஐயா. கடைசி ஊசிக்கு அப்புறம் எத்தனை நாள் அவங்களைப் பார்க்கணும்?"

"பதினாறு வாரம்." சராசரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்தானே கணக்குப் போட்டேன். அந்த மருந்து உடம்புல பாதியாகறதுக்கே மூணு வாரம் ஆகும். ஏறக்குறைய முழுசா போக அந்த மாதிரி அஞ்சு தடவை. பதினஞ்சு. கைக்காவலுக்கு ஒண்ணு."

"சுருக்கத்துல இருபத்தெட்டு நாள்னு இருக்கே?"

சராசரி இப்போது திரும்பினார். "இருக்காது."

"இருக்கு."

"காட்டு."

காட்டினார். சராசரி இரண்டு தடவை படித்தார். பிறகு தன் கணினியில் எதையோ தோண்டினார். இதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வின் அறிக்கை, மூன்று வருடத்துக்கு முந்தையது. தேடுபெட்டியில் 'இருபத்தெட்டு' என்று போட்டதும் மஞ்சளாக விழுந்தது. அதே வாக்கியம். சொல்லுக்குச் சொல் அதே. 'கண்காணிக்கப்பட்டனர்.'

"அட," என்றார் காற்புள்ளி. பயப்படவேண்டிய நேரத்தில் அவருக்கு ஆனந்தமாக இருந்தது. "அங்கேருந்து வெட்டி இங்க ஒட்டியிருக்காங்க!"

"மாத்திரை ஒரே நாள்ல பாதியா போயிடும். அதுக்கு இருபத்தெட்டு நாள் ஏராளம். இது ஊசி, மாசக்கணக்குல உள்ள உட்காரும்." சராசரி கண்ணாடியைக் கழற்றினார். "நான் சுருக்கத்தைப் போன வாரம் மேலாகப் பார்த்தேன். அப்ப இது 'கண்காணிக்கப்பட்டனர்'னு இருந்திருக்கும். பழைய ஆய்வைப் பத்திச் சொல்றாங்கன்னு தாண்டிப் போயிருப்பேன். இதை எதிர்காலமா மாத்தி நம்ம ஆய்வோட சட்டமாக்கின புண்ணியவான் யாரு?"

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வரேன்," என்றார் காற்புள்ளி.

தண்ணீர் குடிக்கவில்லை. படிக்கட்டில் நின்று தங்கைக்குப் போன் செய்தார். அவள் ஆய்வுகளுக்கான நர்ஸ். இந்த ஊசி போடப்போகும் வார்டும் அவளுடையதுதான்.

"சொல்லு அண்ணா, சீக்கிரம். ஒருத்தருக்கு ரத்தம் எடுத்துட்டு நிக்கிறேன்."

"ஆய்வுத் திட்டம் வந்தா நீங்க எதைப் படிப்பீங்க? உள்ள முழுசாவா, சுருக்கமா?"

"என்ன கேள்வி இது? நூறு பக்கத்தை நீ வந்து படிச்சுக் காட்டப்போறியா? பயிற்சிக் கூட்டத்துல எல்லாம் சொல்லுவாங்க, பாதி தூக்கம். அப்புறம் சுருக்கத்தை எடுத்து மருந்து அலமாரிக் கதவுல ஒட்டிடுவோம். சந்தேகம் வந்தா அதான்."

"அதுல தப்பு இருந்தா?"

"நாங்க கண்டுபிடிக்கிற மாதிரி தப்பா இருந்தா கண்டுபிடிப்போம். அழகா எழுதின தப்புன்னா அப்படியே செய்வோம். ஏன், என்ன பண்ணித் தொலைச்ச?"

"அழகா எழுதிட்டேன்," என்றார் அவர்.

மணி மூன்றே கால். அந்தத் தாள் அப்படியே போனால், கடைசி ஊசி போட்ட நாலாவது வாரம் தங்கை ஒருவரைச் சிரித்த முகத்தோடு வழியனுப்பி வைப்பாள். அவர் உடம்பில் மருந்து இன்னும் மூன்று மாதம் இருக்கும். ஏதாவது நேர்ந்தால் பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். திருத்தலாம்; ஆனால் திருத்தினால் புதிய பதிப்பு, புதிய கையெழுத்து, அதுவும் ஐந்து மணிக்குள்.

மேலாளர் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "உள்ளே சரியாத்தானே இருக்கு? முரண்பாடு வந்தா உள்ளே இருக்கிறதுதான் செல்லும்னு ஒரு வரி இருக்குமே?"

"இருக்கு மேடம். நூத்தி நாலாவது பக்கத்துல. அலமாரிக் கதவுல அந்தப் பக்கத்தை ஒட்டமாட்டாங்க."

மேலாளர் தலைமை மருத்துவரான டாக்டரம்மாவின் எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டார். நாலாவது முயற்சியில்தான் கிடைத்தது. பின்னணியில் வெளிநோயாளிகள் கூட்டத்தின் இரைச்சல்.

"கையெழுத்துப் போட்டாச்சே," என்றது குரல்.

காற்புள்ளி நடந்ததைச் சொன்னார். தன் பங்கையும் மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் சின்னதானது. எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம்.

"பழைய அறிக்கையிலேருந்தா? நான்தான் ஒட்டியிருப்பேன், விமான நிலையத்துல உட்கார்ந்து எழுதினது." கோபத்தைவிட ஆர்வம் அதிகமாக இருந்தது அந்தக் குரலில். "சரி, வேற என்னல்லாம் மாத்தினீங்க? வரிசையாப் படிங்க."

படித்தார். டாக்டரம்மாவுக்குப் 'பங்கேற்பாளர்' பிடித்திருந்தது. 'ஆராயப்படும்' நல்லது என்றார். முன்னுரையில் மாத்திரை ஆய்வில் வீக்கம் குறைந்தது என்ற இறந்தகாலத்தைக் காற்புள்ளி தொடாமல் விட்டிருந்தார். "அது நிஜமாவே நடந்தது, இருக்கட்டும்," என்றார் டாக்டரம்மா. அடுத்து வந்தது 'நிறுத்தப்பட வேண்டும்'.

"நில்லுங்க. ரெண்டு இடமும் எதுக்கு?"

"ஒண்ணு ரத்தத்துல கல்லீரல் நொதி அளவு மும்மடங்கு தாண்டினா. இன்னொண்ணு தோலில் தடிப்பு வந்தா."

"கல்லீரலுக்கு 'வேண்டும்'தான். யோசிக்க இடமே இல்ல. ஆனா தடிப்புக்கு 'லாம்'. சின்னத் தடிப்புக்கெல்லாம் ஊசியை நிறுத்தினா ஆய்வுல யாருமே மிச்சம் இருக்கமாட்டாங்க. அங்க டாக்டர் பார்த்து முடிவு பண்ணணும். அதையும் வெளிப்படையாச் சேருங்க."

"அப்ப அது இழுவை இல்லையா?"

"ஒண்ணு இழுவை, இன்னொண்ணு தீர்மானம். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதுக்குத்தான் கேக்கணும். அப்புறம்?"

"நிறுத்தம், விலகல் ரெண்டையும்..." என்று காற்புள்ளி இழுத்தார். "ஒண்ணாக்கிட்டேன்."

கூடவே வந்து கதவருகில் நின்றிருந்த சராசரி முனகினார். "யோவ், ஊசியை நிறுத்தினவங்க ஆய்வுல இருக்கணும்யா. பரிசோதனை வருகை எல்லாத்துக்கும் வரணும். அவங்களையும் விலக்கிட்டா, கல்லீரல் கெட்டவங்களை எல்லாம் வெளியே அனுப்பிட்டு, மருந்து ரொம்ப நல்ல மருந்துன்னு நானே கணக்குப் போட்டுக் கொடுப்பேன்."

"எத்தனை இடம்?" என்றார் டாக்டரம்மா.

"பதினொண்ணு."

"ஒவ்வொண்ணா பிரிப்போம். மொத்தமா மாத்தற பொத்தானை இன்னைக்கு நீங்க தொடவே கூடாது."

பதினொரு இடத்தையும் பிரித்தார்கள். வெளியே யாரோ டாக்டரம்மாவைக் கூப்பிட, "ரெண்டு நிமிஷம்" என்று அவர் நாலு தடவை சொன்னார். ஏழு இடம் நிறுத்தம், நாலு இடம் விலகல். பதினாறு வாரம் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. நான்கு நாற்பதுக்குப் புதிய கையெழுத்து வந்தது.

பதிப்பு வரலாற்றில் ஒரு கட்டம் காலியாக நின்றது: மாற்றத்துக்கான காரணம். தேர்ந்தெடுக்க வசதியாக முதலிலேயே 'மொழித் திருத்தம்' என்று இருந்தது. மேலாளர் விரல் அதன்மேல் போயிருந்தது.

"அது இல்ல மேடம்," என்று காற்புள்ளி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். 'பழைய ஆய்வறிக்கையின் வாக்கியம் தவறுதலாகச் சேர்ந்திருந்தது. திருத்துநர் மூலத்தைச் சரிபார்க்காமல் அதை எதிர்காலத்துக்கு மாற்றினார். இருவேறு பொருளுள்ள சொற்களையும் ஒன்றாக்கினார். இப்போது சரிசெய்யப்பட்டது.'

"உங்களை நீங்களே மாட்டிவிடறீங்க."

"முதல் பதிப்பும் கூடவே போகுது. குழுவுல யாராவது அதையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க மேடம். ஏன் மாறிச்சுன்னு அவங்களுக்கும் தோணும்ல? தேடட்டும்னு விடறதா?"

ஏற்றும் பொத்தானை மேலாளரே அழுத்தினார். பச்சை வட்டம் சுற்றிச் சுற்றி ஒருவழியாக நின்றது. மணி நான்கு ஐம்பத்து மூன்று.

படிக்கட்டில் இறங்கும்போது தங்கையிடமிருந்து அழைப்பு.

"டாக்டரம்மா இப்பதான் சொன்னாங்க. பதினாறு வாரமாமே? நாற்பது பேரு அண்ணா! ஒவ்வொருத்தரையும் நான் போன் போட்டுக் கூப்பிடணும். ஒரு வாக்கியத்தைச் சும்மா விட்டிருந்தா எனக்கு மூணு மாச வேலை மிச்சம்!"

"சும்மா விட்டிருந்தா பிரச்சினையே இல்லம்மா," என்றார் காற்புள்ளி. "தொட்டேன் பாரு."

அவள் திட்டத் தொடங்கினாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், பேருந்து நிறுத்தம் வரைக்கும் முழுக்கக் கேட்டுக்கொண்டே நடந்தார்.