ஒரே சூட்டில் நாலு கேக்

குரோம்பேட்டையில் சக்திவேலின் டீக்கடைக்கு ரோஸி தினமும் நாலு அரைக்கிலோ பட்டர் கேக் கொடுத்து வந்தாள், ஒன்று இருநூறு ரூபாய்க்கு. மாவு, வெண்ணெய், முட்டை, முந்திரி எல்லாம் சேர்த்து நூற்று முப்பத்தைந்து, டப்பாவும் அட்டையும் இருபது. மீதி நாற்பத்தைந்தும் லாபம் என்றே நம்பியிருந்தாள். மூன்று வாரத்தில் கமர்ஷியல் சிலிண்டர் தீர்ந்தது. சேர்த்து வைத்த லாபத்தில் பாதி புதிய சிலிண்டருக்கே போனது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், அதுவும் பி.காம். தன் மேலேயே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

சக்திவேலுக்குக் கேக் சூடாக வேண்டும்: காலையில் இரண்டு, மதியம் ஒன்று, மாலை ஒன்று. அதற்காக மூன்று தடவை ஓவனைப் பற்றவைத்தாள். ஒன்று வைத்தாலும் நாலு வைத்தாலும் சூடேறி வேக ஒரு மணி நேரம், முப்பது ரூபாய் கேஸ். அந்த நேரத்தில் வேறு ஆர்டர் உள்ளே போகாது. அதற்கும் பக்கத்திலேயே நிற்கும் தன் உழைப்புக்கும் மணிக்கு நூறு ரூபாய் போட்டாள். போடும்போது கை கூசவில்லை. ஒரு நாள் செலவு ஆயிரத்துப் பத்து என்று வந்தது. கைக்கு வருவதோ எண்ணூறு.

அவளுக்கு இருந்த ஒரே நிரந்தர ஆர்டர் அது. இருந்தும் கடைக்குப் போய், இருநூறு கட்டாது என்று நேராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னாமா, மாவு சர்க்கரை வெல எனக்குத் தெரியாதா?" என்றார் சக்திவேல்.

"ஓவன் எரியிற வெல தெரியாதுல்லண்ணா. எனக்கே ஒரு கேக் எரநூத்தம்பதுக்கு மேல ஆவுது."

"சிட்லபாக்கத்துல ஒரு அம்மா எரநூறுக்கே தரேங்குது."

"வாங்கிக்கோங்க. அவங்க இன்னும் கணக்கு போடல போல."

டீ மாஸ்டர் மாரி சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"நாலையும் காலைல ஒரே சூட்டுல போட்டா எரநூத்தி நாப்பதுக்குத் தரேன்" என்றாள் ரோஸி. "தனித்தனியா வேணும்னா முந்நூத்தி இருபது."

"சாயந்தரத்துக்குள்ள ஆறிப்பூடுமே."

"ஆறினாத்தான் துண்டு ஒழுங்கா விழும். சூடா வெட்டி, பாதி தூளாப் போறத நான் பாக்கலயா?"

"அந்தத் தூள நான்தான் துன்னுகினு கீறேன்" என்றான் மாரி.

"நீ டீய ஆத்துடா." சக்திவேல் தாடையைச் சொறிந்தார். "எரநூத்தி இருபது."

ரோஸி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். வண்டிச் சாவியைத் திருகவும் செய்தாள்.

"இரும்மா. நாப்பதே வெச்சிக்கோ. நாளைக்கு எட்டு மணிக்கு நாலும் வந்துரணும்" என்றவர் குரலைத் தணித்தார். "ஞாயித்துக்கெழம பொண்ணுக்குப் பொறந்தநாளு. கடைக்கு லீவு. ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடு, அதே ரேட்டுதான?"

"ஒண்ணுன்னா முந்நூத்தி இருபதுண்ணா."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கல்லாவைத் திறந்து முந்நூற்று இருபதை எடுத்து நீட்டினார்.

கட்டட வேலையில் மேஸ்திரி கொடுத்த கூலியை வாய் திறவாமல் வாங்கிவந்த சித்தாள் சாலமனின் மகள் ரோஸி, அந்த நோட்டுகளைச் சக்திவேலின் எதிரிலேயே நின்று நிதானமாக எண்ணி வாங்கிக்கொண்டாள்.