நாற்பதால் பிரித்தால்

வகுப்பு வாசலுக்கு இரண்டடி முன்னால் சிவகௌரி ரீச்சரின் கால்கள் நின்றுவிட்டன.

உள்ளே கணித ஆசிரியர் குகதாசனின் குரல் கணீரென்று கேட்டது.

"பஸ் எண்பத்தெட்டாயிரம். சாப்பாடு ஆளுக்கு ஆயிரம். படகு ரிக்கற் பிள்ளைக்கு இருநூறு, ரீச்சர்மாருக்கு இலவசம். பஸ்ஸிலை நாப்பத்திநாலு சீற். நாலு ரீச்சர்மார் காசு குடுக்காமல் வருவினம், மிச்சமெல்லாம் பிள்ளையள். அப்ப ஒரு பிள்ளை எவ்வளவு குடுக்கோணும்? கெதியாச் செய்யுங்கோ பாப்பம்!"

அவளுடைய கணக்கு. சனிக்கிழமை திருகோணமலைக்குப் போகவிருக்கும் எட்டாம் வகுப்புச் சுற்றுலாவின் கணக்கு. காலையில் தேநீர் குடிக்கும்போது பேச்சோடு பேச்சாக அவளே சொன்னது. பாவி மனுசன் அதைக் கரும்பலகையில் ஏற்றிவிட்டார்.

"சேர், நாப்பது பிள்ளையள்!" என்றது ஒரு குரல். "சாப்பாடு நாப்பத்திநாலாயிரம். ரீச்சர்மாரும் சாப்பிடுவினம்தானே?"

"சாப்பிடாமல் விடுவினமோ? ரண்டு தரம் சாப்பிடுவினம்."

வகுப்பு சிரித்தது.

"ரிக்கற் எண்ணாயிரம். மொத்தம் ஒரு லட்சத்து நாப்பதாயிரம். நாப்பதாலை பிரிச்சால்... மூவாயிரத்தி ஐந்நூறு சேர்!"

"வெரி குட்."

"ஆனா சேர்," முன்வரிசை வாங்கில் இருந்த டிலக்ஷன் எழுந்தான். "எங்களிட்டை மூவாயிரத்தி எண்ணூறு வாங்கினவை."

குகதாசன் ஒரு கணம் திகைத்தார். "நீங்கள் எத்தினை பேர் போறியள்?"

"முப்பத்தேழு பேர்."

"அப்ப சரி. ஆக்கள் குறைஞ்சால் தலைக்கு விழுகிறது கூடும். பஸ்காரன் முப்பத்தேழு பேர் எண்டாலும் அதே எண்பத்தெட்டுத்தானே கேப்பான்." கரும்பலகையில் சோக்கட்டி கரகரத்தது. "சாப்பாடு நாப்பத்தியொரு பேருக்கு. ரிக்கற் ஏழாயிரத்து நானூறு. எல்லாமா ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரத்து நானூறு. முப்பத்தேழாலை பிரிச்சால் மூவாயிரத்தி அறுநூற்று எண்பத்தாறு..."

சோக்கட்டி நின்றது. எண்ணூறு வரவில்லை.

அப்போதுதான் பின்வாங்கில் இருந்து அந்த மெல்லிய குரல் வந்தது. மிரியம். மானிப்பாய்ச் சந்தியில் ஓட்டோ ஓடும் எட்வேர்டின் மகள். பெயர் கொடுத்தும் போகாத மூன்று பேரில் ஒருத்தி.

"சேர், அப்ப பஸ்ஸிலை மூண்டு சீற் சும்மாவோ போகுது? எங்களுக்கு இடமில்லை எண்டெல்லோ ரீச்சர் சொன்னவா."

சிவகௌரி திரும்பி நடந்தாள். நடந்தாளா, ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது.

அந்த மூன்று சீற்றும் சும்மா போகவில்லை. ஒன்றில் அவளுடைய மூத்தவன் கஜீவன். அடுத்ததில் இளையவன் கஜீபன். மூன்றாவதில் தங்கச்சியின் மகள். மூவரும் வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். 'காசு குடுக்காதவை ஏழு பேர்' என்று நினைத்துக்கொண்டு அவள் போட்ட கணக்கில், அவர்களின் சாப்பாடும் படகும் இருக்கையும் முப்பத்தேழு பிள்ளைகளின் தலையில் சத்தமில்லாமல் ஏறியிருந்தன. ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தை முப்பத்தேழால் பிரித்து, வந்த மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தை எண்ணூறாக்கியிருந்தாள். தலைக்கு முந்நூறு கூட. யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஆனால் எட்வேர்டின் முகம்தான் இப்போது கண்முன் நின்றது. போன கிழமை பள்ளிக்கூட வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டு ஓடிவந்தவர். "ரீச்சர், காசுக்குத் திங்கள் வரைக்கும் பொறுப்பியளோ? பிள்ளை கடலிலை படகு ஏறினதே இல்லை." அவள் கண்ணிமைக்காமல் சொன்ன பதில்: "பஸ் நிரம்பீட்டுது எட்வேர்ட்." மற்ற இரண்டு வீட்டாருக்கும் அதே வசனம்தான்.

மணி அடித்ததும் குகதாசன் ஆசிரியர் அறைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார்.

"ரீச்சர், நீங்கள் வாசலிலை நிண்டதைக் கண்டனான். சத்தியமாத் தெரியாமல் போட்ட கணக்கு."

அவள் மேசையில் கிடந்த சுற்றுலாப் பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்கடை பிள்ளையள்தானே?"

"ஓம்."

"அதுக்கேன் முகம் செத்துப்போச்சு? போன வருசம் நான் என்ரை மகளைக் கொண்டுபோகேல்லையோ? ரீச்சர்மாற்றை சீற்றிலை வீட்டுப் பிள்ளை ஒண்டு வாறது இஞ்சை வழக்கம்தானே. டிரைவருக்குச் சந்தோசக் காசு, முதலுதவிச் சாமான் எண்டு கணக்கிலை ரண்டு வரியைச் சேர்த்துவிடுங்கோ. எண்ணூறு வந்திடும்."

வழி இலகுவாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"போன வருசம் உங்கடை மகள் இருந்த சீற்றுக்கு ஆரும் பிள்ளை வெளியிலை நிண்டதோ சேர்?"

குகதாசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிண்டிருக்காது," என்றார். பிறகு குரல் இறங்கியது. "நான் கேக்கேல்லை."

பின்னேரம் இணுவிலில் வீட்டு வாசலைத் தாண்டும்போதே கஜீபன் ஓடிவந்தான். "அம்மா, கடலிலை குளிக்கத் துவாயும் எடுத்து வைச்சிட்டன்!"

"நீங்கள் சனிக்கிழமை வரேல்லை மோனை."

"ஏன்?"

"அது உங்கடை இடமில்லை."

"அம்மா, கூட்டிக்கொண்டு போறன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!" பையைத் தூக்கி எறிந்துவிட்டு அவன் அறைக்குள் போய்விட்டான். கஜீவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வைக்குத் தம்பியின் அழுகை எவ்வளவோ மேல்.

தங்கச்சியிடமும் சொன்னாள். "பிள்ளைக்கு ஆசை காட்டிப்போட்டு இப்ப வந்து சொல்லுறியோ அக்கா?"

வெள்ளிக்கிழமை முப்பத்தேழு பிள்ளைகளுக்கும் முந்நூறு முந்நூறாகத் திருப்பிக் கொடுத்தாள். "கணக்கிலை பிழை" என்று மட்டும் சொன்னாள். பிழை யாருடையது என்று வாயில் வரவில்லை. விடுபட்ட மூன்று பேரிடமும் இடமிருக்கிறது, காசைப் பிறகு தந்தாலும் போதும் என்று சொல்லி அனுப்பினாள். இரண்டு பேர் அன்றே மூவாயிரத்து ஐந்நூறோடு வந்துவிட்டார்கள். மிரியம் தலையை மட்டும் ஆட்டினாள். "அப்பாட்டைக் கேட்டுப் பாக்கிறன் ரீச்சர்."

சனிக்கிழமை. வெளிச்சம் சரியாக வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவளுடையதையும் சேர்த்து நாற்பத்துமூன்று இருக்கைகளுக்கு ஆள் இருந்தது. ஒன்று காலி.

"ரீச்சர், வெளிக்கிடுவமோ?" சாரதி ஹோர்ன் அடித்தான்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்கோ தம்பி."

அந்தக் காலி இருக்கை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அது காலியாகப் போனால் பஸ்காரனுக்கு ஒரு சதமும் நட்டமில்லை. அவளுக்குத்தான்.

சந்திப் பக்கமிருந்து ஓட்டோச் சத்தம். மிரியம் குதித்து இறங்கினாள். பின்னால் எட்வேர்ட், மூச்சு வாங்க. சேட்டுப் பையிலிருந்து காசை எடுத்து நீட்டினார்.

"மூவாயிரத்தி எண்ணூறும் இருக்கு ரீச்சர். டயருக்கு வைச்சிருந்தது. டயர் இன்னும் ஒரு மாசம் ஓடும்."

சிவகௌரி எண்ணி முந்நூறைத் திருப்பி அவர் கையில் வைத்தாள். "மூவாயிரத்தி ஐந்நூறுதான்."

அவர் முகம் மலர்ந்தது. "எங்களை மாதிரி ஆக்களுக்காக ஆரோடையோ கதைச்சுக் குறைச்சுப்போட்டியள் போல. கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும் ரீச்சர்."

பஸ் படியில் நின்ற குகதாசன் வேறு பக்கம் பார்த்தார். ஒரு புன்னகை போதும். தலையை ஆட்டிவிட்டு ஏறினால் காரியம் முடிந்தது.

"நான் குறைக்கேல்லை எட்வேர்ட்," என்றாள். "விலை முதலே இதுதான். பஸ் நிரம்பவும் இல்லை. என்ரை பிள்ளையள் ரண்டு பேரையும் தங்கச்சியின்ரை மகளையும் சும்மா கூட்டிக்கொண்டு போகத்தான் உங்கடை பிள்ளைக்கு இடமில்லை எண்டனான். அவையின்ரை காசைத்தான் எல்லாரிட்டையும் முந்நூறு முந்நூறாக் கூட்டி வாங்கினனான்."

எட்வேர்டின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கையிலிருந்த முந்நூறைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார்.

"பிள்ளையைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ," என்றார். இந்த முறை ரீச்சர் என்று சொல்லவில்லை.

மிரியம் யன்னலோர இருக்கையில் ஏறி அமர்ந்து தகப்பனுக்குக் கை காட்டினாள். அவர் மகளுக்கு மட்டும் கை காட்டிவிட்டு ஓட்டோவைத் திருப்பினார்.

சிவகௌரி கடைசியாக ஏறினாள். முன்னால் அவளுக்கென்று விட்டிருந்த இருக்கை. ரீச்சர்மாருக்கு இலவசம். அதில் உட்கார அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.